ஆயுத பூஜையில் இரண்டு வரிசை

ஆயுத பூஜை அன்று ஆலையில் உற்பத்தி கிடையாது. காலையிலேயே மிஷின்களைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். ஒரகடம் பக்கம் நான் மனிதவளப் பிரிவில் இருந்த ஆலையில் ஒரு வருடம் பன்னிரண்டாம் நம்பர் சி.என்.சி. மிஷினுக்குப் பொட்டு வைத்தது ஒரு ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மிஷினோடு அவனுக்கு ஆறு வருடப் பழக்கம். பூஜை முடிந்ததும் எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொன்னோம். இரண்டு வரிசை. முதல் வரிசையில் பெர்மனென்ட் ஆட்களுக்கு ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸும் எவர்சில்வர் பாத்திரமும். இரண்டாவது வரிசையில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பொரி, கடலை, ஒரு வாழைப்பழம். ஒரு மாதம் முன்புதான் சேர்ந்திருந்த ஒரு பெர்மனென்ட் பையன் பாத்திரத்தோடு இவனைக் கடந்து போனான். இவன் பொரிப் பொட்டலத்தை வாங்கி மிஷினின் மேலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அன்றைக்கு நான் பார்த்தது ஒரு பொட்டலத்தைத்தான். அதன் பின்னால் என்ன இருந்தது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. சம்பளம் குறைவு என்பது அவனுக்குச் சேர்ந்த அன்றே தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் வந்தான். தினமும் அறுத்தது வேறு: சட்டையின் நிறம், கேன்டீன் டோக்கனின் விலை, பஸ்ஸில் உட்காரும் இடம், அறிவிப்புப் பலகையில் பெயர் இல்லாதது. இவற்றில் பெரும்பகுதி யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. வக்கீல் சொன்னார் என்று செய்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பல ஆலைகளில் இரண்டாம் தர உணர்வு பிறக்கும் இடமே இதுதான். ஒப்பந்தத் தொழிலாளி சட்டப்படி கான்ட்ராக்டரின் ஆள். அந்த ஒப்பந்தம் வெறும் காகிதத்தில்தான் இருக்கிறது, உண்மையில் ஆலைதான் முதலாளி என்று நிரூபணமானால், நீதிமன்றம் அதைப் போலி ஒப்பந்தம் என்று தள்ளிவிட்டு அவர்களை ஆலையின் நேரடித் தொழிலாளிகளாகவே கருதலாம். ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான். ஒப்பந்த முறை ஒரு வேலையில் தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டான். ஆனால் ஒப்பந்தம் போலி என்று தெரிந்தால் கதை வேறு. அன்றிலிருந்து மனிதவள அதிகாரிகளுக்கு ஒரே பயம். வக்கீலைக் கேட்டால், “எதிலும் ஒன்றாகக் காட்டாதீர்கள், எல்லாவற்றையும் தனித்தனியாக வையுங்கள்” என்பார். சட்டை நிறம் மாறும், கேட் மாறும், சாப்பாட்டு நேரம் மாறும், இனிப்புப் பெட்டியும் மாறும்.

நீதிமன்றம் உண்மையில் எதைப் பார்க்கிறது என்று தீர்ப்புகளை எடுத்துப் படித்தால் இதெல்லாம் அங்கே இல்லை. விமான நிலைய ஆணையத்தின் சரக்குத் தொழிலாளர் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் முக்கியமாக இரண்டு கேள்விகளைக் கேட்டது. சம்பளத்தைக் கொடுப்பது யார்? வேலையைக் கட்டுப்படுத்திக் கண்காணிப்பது யார்? அதிலும், ஆட்களை அனுப்பும் ஒப்பந்தம் என்றால் அந்த ஆட்கள் ஆலை சொல்கிற இடத்தில், ஆலை சொல்கிற வேலையைத்தான் செய்வார்கள், அதனால் மட்டும் அவர்கள் ஆலையின் ஆட்களாகிவிட மாட்டார்கள் என்று தெளிவாகவே சொன்னது. அவர்களை எங்கே அனுப்புவது, வைத்துக்கொள்வதா நிறுத்துவதா என்ற இறுதிக் கட்டுப்பாடு கான்ட்ராக்டரிடம் இருந்தால் போதும். 2014இல் ஏர் இந்தியா கேன்டீன் தொழிலாளர் வழக்கில் பட்டியல் இன்னும் கொஞ்சம் விரிந்தது: வேலைக்கு எடுப்பது யார், சம்பளம் தருவது யார், நீக்கும் அதிகாரம் யாருக்கு, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது யார், பணித் தொடர்ச்சி உண்டா, கண்காணிப்பும் கட்டுப்பாடும் எந்த அளவுக்கு. ஆறு கேள்விகள். சட்டை நிறமும் சாம்பாரும் ஷூவும் ஆறில் எதிலும் வரவில்லை.

சட்டமோ எதிர்ப்பக்கம் நிற்கிறது. தொழிற்சாலைகள் சட்டம் 1948, ‘தொழிலாளி’ என்பதற்குச் சொன்ன விளக்கத்திலேயே நேரடியாக எடுத்தவரையும் கான்ட்ராக்டர் வழியாக வந்தவரையும் ஒன்றாகத்தான் சேர்த்தது. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம், 240 நாள் வேலை செய்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு, 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் எல்லாமே இருவருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. 1970இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கான்ட்ராக்டர் கேன்டீனோ கழிப்பறையோ முதலுதவியோ தராவிட்டால் ஆலையே தந்துவிட்டு அந்தச் செலவைக் கான்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்புகள் இந்த இரண்டு சட்டங்களின் இடத்தையும் பிடித்திருக்கின்றன. அவற்றில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தொகுப்பு ஒரு படி மேலே போய், நலவசதிகளை ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தர வேண்டியவர் ஆலை நிர்வாகமே என்று நேரடியாகச் சொல்லிவிட்டது. ஆகவே ஒரே கேன்டீனில், ஒரே விலையில் சாப்பாடு போட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. மாட்டிக்கொள்ளும் இடம் வேறொன்று இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒன்றாக்கக் கூடியவை. கணக்குக்கு வசதியாக எண்களை உருட்டிச் சொல்கிறேன். ஒரு ஆலையில் 160 பெர்மனென்ட், 220 கான்ட்ராக்ட். கேன்டீனில் பெர்மனென்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு 5 ரூபாய், கான்ட்ராக்டுக்கு 25 ரூபாய். ஒரே தட்டு, ஒரே சோறு, ஆனால் டோக்கன் இரண்டு நிறம். ஒன்றாக்க வேண்டுமென்றால் ஆள் ஒன்றுக்கு நாளுக்கு 20 ரூபாய். மாதம் 26 வேலை நாள் என்றால் மொத்தம் 1,14,400 ரூபாய். ஒரு ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், விடுப்புச் சம்பளம், கான்ட்ராக்டரின் சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து மாதம் 20,500 ரூபாய் பில் வருகிறது என்று வைத்தால், 220 பேருக்கு 45 லட்சம் சொச்சம். சாப்பாட்டு வித்தியாசம் அதில் இரண்டரை சதவீதம்.

இந்தச் செலவு தன்னால் திரும்பி வந்துவிடும் என்று நிர்வாகத்திடம் சொல்லிவிடாதீர்கள், நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதே ஆலையில் மாதம் 18 பேர் விலகுகிறார்கள், புதிதாக வருபவர் பத்து நாள் பாதி உற்பத்திதான் தருவார் என்று வைத்துக்கொண்டால், இழப்பு சுமார் 71,000 ரூபாய். கேன்டீன் விலை ஒன்றானதால் விலகல் முழுசாக நின்றுவிடப் போவதில்லை. கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆகவே இது செலவுதான், லாபமில்லை. செலவு என்று ஒத்துக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். லாபம் என்று சொல்லிக் கேட்டால் ஆறு மாதம் கழித்து எக்செல்லோடு வந்து நிற்பார்கள்.

சேஃப்டி ஷூ விஷயத்தில் கோளாறு இருப்பது பில்லின் உள்ளே. வழக்கமாக ஷூ, சீருடை, கையுறை எல்லாம் கான்ட்ராக்டர் தர வேண்டியது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். கான்ட்ராக்டருக்குக் கிடைப்பது சில சதவீத சர்வீஸ் சார்ஜ்தான். அதற்குள் லாபம் பார்க்க வேண்டுமென்றால் இருப்பதிலேயே மலிவான ஷூவை வாங்குவார், சில சமயம் அதையும் முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். மூன்று மாதத்தில் அடிப்பாகம் பிளந்துவிடும். கம்பெனி ஷூ போட்டவரும் பிளந்த ஷூ போட்டவரும் ஒரே கூலன்ட் வழிந்த தரையில் நிற்கிறார்கள். இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாதுகாப்புச் சாமான்களைக் கான்ட்ராக்டரின் பில்லிலிருந்து எடுத்துவிட்டு, ஆலையின் ஸ்டோர்ஸிலிருந்து பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது. ஒரு ஜோடி 1,000 ரூபாய் என்றாலும் 220 பேருக்கு வருடத்துக்கு 2.2 லட்சம்தான். கான்ட்ராக்டரும் சந்தோஷப்படுவார். டெண்டரில் விலையைக் குறைத்துப் போட்டியிட இனி ஷூவை வெட்ட வேண்டியதில்லை.

சீருடை நிறம் மட்டும் கொஞ்சம் சிக்கல். யார் எந்தக் கான்ட்ராக்டரின் ஆள் என்று செக்யூரிட்டிக்கும் வருகைப் பதிவுக்கும் தெரிய வேண்டும், அது நியாயமான தேவை. அதற்கு அடையாள அட்டை போதும். அட்டையின் கயிறு வேறு நிறமாக இருந்தாலே போதும். முழுச் சட்டையையும் வேறு நிறமாக்கினால் ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் ‘அவன் சி.எல்.’, அதாவது கான்ட்ராக்ட் லேபர் என்று தெரியும். அப்புறம் அவனுக்குப் பெயரே அதுதான். “ரெண்டு சி.எல். அனுப்புங்க” என்று லைனில் கேட்கும் குரல் அந்தச் சட்டையிலிருந்து வருவது.

இப்போது ஒன்றாக்க முடியாத இடத்துக்கு வருவோம். அந்தப் பன்னிரண்டாம் நம்பர் மிஷின்.

ஒவ்வொரு லைனிலும் சுவரில் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஒரு அட்டவணை தொங்கும். இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள். கட்டத்தில் நான்காகப் பிரித்த வட்டம். கால் பங்கு நிரம்பியிருந்தால் பயிற்சியில் இருக்கிறார், அரை என்றால் கண்காணிப்போடு செய்வார், முக்கால் என்றால் தனியாகச் செய்வார், முழுசாக நிரம்பியிருந்தால் மற்றவருக்குக் கற்றுத் தருவார். வாடிக்கையாளரின் தணிக்கைக்கு வருபவர் முதலில் பார்ப்பது இதைத்தான். எங்கள் அட்டவணையில் அவன் பெயருக்கு எதிரே ‘மெட்டீரியல் ஃபீடிங்’ என்ற ஒரே கட்டம்தான் நிரம்பியிருந்தது. ஒப்பந்தப்படி அவன் வேலை அதுதான்: பேரிங் வளையங்களை ட்ரேயில் கொண்டுவந்து வைப்பது, முடிந்ததை எடுத்துப் போவது. சி.என்.சி. ஓட்டுவது பெர்மனென்ட் ஆட்களின் வேலை.

நடந்தது என்ன? இரவு ஷிஃப்டில் பெர்மனென்ட் ஆள் ஒருவர் வரவில்லை. லைன் லீடர் பார்த்தார், இவன் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவன், “தம்பி, இன்னிக்கு ஒரு நாள் நின்னுக்கோ” என்றார். ஒரு நாள் ஒரு வாரமானது. ஆறு மாதத்தில் அவன் டூல் ஆஃப்செட் போடக் கற்றுக்கொண்டான். இரண்டு வருடத்தில் புதிதாக வரும் பெர்மனென்ட் பையன்களுக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தான். “அண்ணா, இந்த அலாரம் எதுக்கு வருது?” என்று அவனைத்தான் கேட்பார்கள். உண்மையில் அவன் வட்டம் முழுசாக நிரம்பியிருக்க வேண்டும். சுவரில் அது காலியாகவே இருந்தது, ஏனென்றால் நிரப்பினால் அது ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும்.

மாட்டிக்கொள்ளும் இடம் என்று சொன்னேனே, அது இது. 1970 சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் ஒன்று, ஆலை நேரடியாக எடுத்த ஆள் செய்யும் அதே வேலையை அல்லது அது போன்ற வேலையைக் கான்ட்ராக்டரின் ஆள் செய்தால், சம்பளமும் வேலை நேரமும் விடுமுறையும் அதே அளவுக்கு இருக்க வேண்டும் என்றது. புதிய தொகுப்பு வேறு வழியாக அதே இடத்துக்கு வருகிறது: ஆலை எதற்காக நடக்கிறதோ அந்த மையமான வேலையில் ஒப்பந்தத் தொழிலாளியை வைக்கக் கூடாது. துப்புரவு, காவல், கேன்டீன், சரக்கு ஏற்றி இறக்குவது போன்றவை மையமான வேலையில் சேராது. மையமான வேலையிலும் சில விலக்குகள் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை திடீரென்று பெருகினால் வைத்துக்கொள்ளலாம். ஆறு வருடமாக ஒரே மிஷினில் நிற்பதைத் திடீர்ப் பெருக்கம் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

சட்டத்தை விடுங்கள். ஒரே மிஷினில், ஒரே ஷிஃப்டில், ஒரே டார்கெட்டோடு நிற்கும் இருவரில் ஒருவருக்கு மற்றவரின் பாதிச் சம்பளம் என்றால், அதன்மேல் நீங்கள் எவ்வளவு ஸ்வீட் பாக்ஸ் அடுக்கினாலும் ஒட்டாது. ஒரே கேன்டீனில் பக்கத்தில் உட்கார வைத்தால் இன்னும் எரியும், ஏனென்றால் சம்பளச் சீட்டை ஒப்பிட்டுப் பார்க்க இடம் கிடைத்துவிடும். என் அனுபவத்தில், வசதிகளை ஒன்றாக்கியும் கசப்பு குறையவில்லை என்று புலம்பும் ஆலைகளில் எல்லாம் சுவரில் இப்படி ஒரு பொய் அட்டவணை தொங்கியது.

இதற்கு வழி இரண்டுதான். ஒன்று, வேலையை நிஜமாகவே பிரிப்பது. அதற்கு முதலில் பெர்மனென்ட் ஆட்களின் வராமையைக் கணக்கில் எடுத்து ஆள் போட வேண்டும். ஒரு லைனுக்கு 20 பேர் வேண்டும், வராமை பத்து சதவீதம் என்றால், சுமார் 22 பேர் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த இரண்டு பேரைச் சேமிக்கப் போய்த்தான் மெட்டீரியல் ஃபீடிங் ஆள் மிஷினில் ஏறுகிறான். இரண்டாவது, அவன் செய்யும் வேலைக்கு அவனை நேரடியாக எடுப்பது. நிரந்தரமாக எடுக்க இடமில்லை என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு நேரடி நியமனம் கொடுக்கலாம். இப்படி எடுத்தவருக்கு அதே வேலை செய்யும் நிரந்தர ஆளின் சம்பளமும் சலுகையும் தர வேண்டும் என்பது விதி. புதிய தொகுப்புகளின்படி ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டியும் உண்டு. செலவு கூடும். ஆனால் அந்த ஆளின் வட்டத்தைச் சுவரில் தைரியமாக நிரப்பலாம், தணிக்கைக்கு வருபவரிடம் அவனையே பேசவிடலாம்.

எது எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் இரவு ஷிஃப்டில் இரண்டரை மணிக்கு லைனுக்குப் போய், மிஷின் முன்னால் நிற்பவர்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்து, காலையில் சுவரில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பகல் ஷிஃப்டில் போனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்தது, ‘எப்போ பெர்மனென்ட் ஆவேன்?’ என்ற கேள்வி. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு எண் உண்டு: 480. 1981இன் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று, 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. கான்ட்ராக்டர் வழியாக வந்தவருக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது வருடக்கணக்கில் வழக்குகளுக்கு இடம் கொடுத்த கேள்வி. பொருந்துமோ பொருந்தாதோ, அந்த எண்ணின் நிழல் எல்லா ஆலையிலும் விழுகிறது. அதற்குப் பயந்துதான் பதினோரு மாதத்தில் ‘பிரேக்’ கொடுப்பது. ஆளை இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பி, வேறு கான்ட்ராக்டரின் பெயரில் புது எண்ணோடு உள்ளே கொண்டுவருவார்கள். விடுப்புக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கிராஜுவிட்டிக்கான தொடர்ச்சி அறுந்துவிடும், குறைந்தபட்சம் காகிதத்தில். பழைய பி.எஃப். கணக்கு அப்படியே கிடக்கும்.

இதை லைனில் எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்றால், தரக் குறைபாட்டுக் கணக்கை ஆள்வாரியாகவும் மாதவாரியாகவும் போட்டுப் பாருங்கள். பிரேக் வரப்போகிற ஆளிடம் கடைசி இரண்டு மாதம் ரிஜெக்ஷன் ஏறும், லீவும் ஏறும். வேறு ஆலையில் இடம் பார்க்கப் போயிருப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது.

சரி, என்ன சொல்வது அவனிடம்? பெரும்பாலான ஆலைகளில் சூப்பர்வைசர் சொல்வது, “நல்லாப் பண்ணு, பாத்துக்கலாம்.” ஆலையில் புழங்கும் வார்த்தைகளிலேயே விஷம் அதுதான் என்பேன். அந்த ஆலையில் வருடத்துக்கு எட்டு நிரந்தர இடம் காலியாகிறது என்றால் 220 பேரில் அது நான்கு சதவீதம்கூட இல்லை. ஆனால் 220 பேரிடமும் “பாத்துக்கலாம்” என்று சொல்லியாகிவிட்டது. எட்டுப் பேர் எடுக்கப்படும்போது மீதி 212 பேரும் தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். அதிலும் அந்த எட்டில் மூன்று பேர் யாரோ ஒருவரின் ஊர்க்காரர்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

நாங்கள் ஒரு கட்டத்தில் செய்தது, சேரும் நாளிலேயே ஒரு பக்கத் தாளைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தது. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும். அதில் நான்கே விஷயம். இது கான்ட்ராக்டரின் வேலை, இத்தனை மாதம். இந்த ஆலையில் கடந்த வருடம் இத்தனை நிரந்தர இடம் நிரப்பினோம், அதில் இத்தனை பேர் கான்ட்ராக்டில் இருந்தவர்கள். விண்ணப்பிக்கத் தகுதி இது, தேர்வு இந்த மாதத்தில். வேறு யார் என்ன வாக்குக் கொடுத்தாலும் அது ஆலையின் வாக்கு இல்லை. கொடுக்கும்போது பயமாக இருந்தது, பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்று. ஓடவில்லை. இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு ஊரில் வண்டி வாங்க வந்தவன் அதற்குத்தான் வந்தான், நிரந்தர வேலைக்கு வரவில்லை. நிரந்தர வேலைதான் வேண்டும் என்பவன் கணக்குப் பார்த்து முடிவெடுத்தான். சூப்பர்வைசர்கள்தான் முணுமுணுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு ஆள் இழுக்கும் தூண்டில் அவர்கள் கையை விட்டுப் போனதால்.

தாளில் போட்ட எண்ணிக்கை உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டம். ஒரு வருடம் எண்ணிக்கை பூஜ்யம். அதையும் அச்சடித்தோம்.

பெர்மனென்ட் ஆட்கள் பக்கமும் ஒரு வார்த்தை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம் போடும்போது சங்கம் அவர்களுக்காகப் பேசுகிறது, கான்ட்ராக்ட் ஆட்கள் அந்த மேசையில் இல்லை. ஆகவே ஒவ்வொரு செட்டில்மென்டிலும் இடைவெளி இன்னும் கொஞ்சம் கூடுகிறது. ஆர்டர் குறைந்தால் முதலில் போகிறவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள் என்பது பெர்மனென்ட் ஆளுக்கு ஒரு தடுப்புச் சுவர் மாதிரி, அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தூக்குகிற வேலை, குனிகிற வேலை எல்லாம் மெல்ல மெல்ல அடுத்தவர் பக்கம் நகரும். இதை ஒழுக்கக் குறைவு என்று திட்டிப் பயனில்லை. வேலைத்தாளில் ஒவ்வொரு இடத்துக்கும் என்ன வேலை என்று எழுதி, கனமான வேலையைச் சுழற்சியில் போட்டால்தான் நகர்வது நிற்கும். ஆனால் சுழற்சி என்று சொல்லிக் கான்ட்ராக்ட் ஆளை மிஷினில் ஏற்றிவிடக் கூடாது. பெர்மனென்ட் ஆளைக் கீழே இறக்கலாம், தூக்கவும் துடைக்கவும். இதற்குச் சங்கத்திடம் முன்கூட்டியே பேசாமல் செய்தால் அடுத்த நாள் வாசலில் கூட்டம் நிற்கும்.

தினசரிக் கட்டளை யார் தருவது என்பதில் ஒரு நடைமுறை வழி உண்டு. என்ன செய்வது, எவ்வளவு, எந்தத் தரத்தில், எந்தப் பாதுகாப்போடு என்பதை லைன் லீடர் சொல்லலாம். லீவு, ஷிஃப்ட் மாற்றம், கண்டிப்பு, நீக்கம் எல்லாம் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு அந்த சூப்பர்வைசர் ஷிஃப்ட் முழுவதும் ஆலைக்குள் இருக்க வேண்டும். பல இடங்களில் அவர் காலையில் ஆள் எண்ணிவிட்டுப் போய்விடுவார். அவர் இல்லாத ஷிஃப்டில் லைன் லீடரே எல்லாமாகிவிடுகிறார், சட்டப்படியும் சிக்கல், தொழிலாளிக்கும் முறையிட ஆள் இல்லை. ஒப்பந்தத்தில் ‘ஷிஃப்டுக்கு ஒரு சூப்பர்வைசர்’ என்று எழுதி, அவரது வருகைப் பதிவையும் பில்லோடு கேளுங்கள்.

நிலைமை எப்படி இருக்கிறது என்று அளக்கக் கருத்துக் கணிப்பு நடத்துவார்கள். கான்ட்ராக்ட் ஆள் அதில் எல்லாம் நன்று என்றுதான் எழுதுவான், எழுதாமல் இருக்க அவன் என்ன பைத்தியமா? அதைவிட நம்பகமானது ‘நியர் மிஸ்’ புத்தகம், அதாவது அடிபடாமல் தப்பியவற்றைப் பதியும் பதிவேடு. ஆலையில் நூற்றுக்கு 58 பேர் கான்ட்ராக்ட் ஆட்கள். மாதம் வந்த 40 பதிவில் அவர்கள் எழுதியது மூன்று என்றால், அவர்களுக்கு அப்படித் தப்பும் சம்பவமே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. சொன்னால் தன் தலையில் விழும் என்று நினைக்கிறார்கள். விரலில் வெட்டுப்பட்டால் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்பவர்கள் அவர்கள்தான். முதலுதவி அறைக்குப் போனால் கான்ட்ராக்டருக்குப் போன் போகும், நாளைக்கு வர வேண்டாம் என்பார்கள். அந்த மூன்று பதினைந்தாகும்போதுதான் ஏதோ மாறியிருக்கிறது என்று நம்பலாம். மொத்த எண்ணிக்கை கூடியதைப் பார்த்து மேலிடம் பதறும், அதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, ஆர்டர் குறையும் மாதம். இங்கே சமம் என்று நடிக்க முடியாது, கான்ட்ராக்ட் ஆட்கள்தான் முதலில் போவார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஷிஃப்ட் முடிந்து கேட்டில் அட்டையை வாங்கிக்கொள்வது ஒரு முறை. பதினைந்து நாள் முன்பே, எத்தனை பேர், எந்த வரிசையில் என்று கான்ட்ராக்டரை வைத்துச் சொல்லிவிடுவது இன்னொரு முறை. சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளில் தீர்க்க வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. கான்ட்ராக்டர் இழுத்தால் ஆலை கொடுத்துவிட்டு அவர் பில்லில் கழித்துக்கொள்ளலாம்.

அதோடு ஒரு சர்வீஸ் சர்டிபிகேட். 1970 சட்டத்தின் விதிகளிலேயே கான்ட்ராக்டர் அதைத் தர வேண்டும் என்று இருந்தது, கேட்டு வாங்கியவர் மிகக் குறைவு. அந்தப் பன்னிரண்டாம் நம்பர் மிஷின்காரனுக்கு நான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். கான்ட்ராக்டர் அதில் ‘ஹெல்பர்’ என்று எழுதியிருந்தார், அவர் பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. சி.என்.சி. ஆபரேட்டர் என்று மாற்றித் தரச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “சார், நான் மாத்துறேன், உங்க வக்கீல் ஒத்துக்குவாரா?” என்றார். அந்தத் தாள் ‘ஹெல்பர்’ என்றே போனது. பக்கத்து ஆலையில் அவனை மிஷினில் நிற்க வைத்துப் பார்த்துத்தான் எடுத்தார்கள், மறுபடியும் கான்ட்ராக்டில்.